கன்வெர்ஷன், ரிவர்சல் ஆர்பிட்ராஜ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்வெர்ஷன், ரிவர்சல் என்றால் என்ன? எளிமையாகச் சொல்லுங்கள்.

ஒரு பங்கை வாங்குகிறீர்கள். அதே பங்கில், ஒரே ஸ்ட்ரைக், ஒரே எக்ஸ்பைரி கொண்ட கால் ஆப்ஷனை விற்று, புட் ஆப்ஷனை வாங்குகிறீர்கள். இந்த மூன்றும் சேர்ந்தது கன்வெர்ஷன். எக்ஸ்பைரி அன்று பங்கு ஸ்ட்ரைக்குக்கு மேலே இருந்தால், கால் வாங்கியவர் உங்கள் பங்கை ஸ்ட்ரைக் விலைக்கு எடுத்துக்கொள்வார். கீழே இருந்தால், உங்கள் புட்டை வைத்து நீங்களே அதே ஸ்ட்ரைக் விலைக்குப் பங்கைக் கொடுத்துவிடுவீர்கள். விலை எங்கே போனாலும் கைக்கு வரும் தொகை ஒன்றுதான்.

ரிவர்சல் இதைத் திருப்பிப் போட்டது. பங்கை ஷார்ட் செய்து, காலை வாங்கி, புட்டை விற்பது.

விலை எங்கே போனாலும் ஒரே தொகை என்றால் இது ரிஸ்க் இல்லாத லாபம்தானே?

இன்று ஒரு தொகையைக் கட்டுகிறீர்கள், எக்ஸ்பைரியில் முன்பே தெரிந்த ஒரு தொகை வருகிறது. அப்படியென்றால் நீங்கள் செய்திருப்பது பணத்தை வட்டிக்குக் கொடுத்ததுதான். கன்வெர்ஷன் ஒரு மாத வைப்பு நிதி போன்றது. ரிவர்சலில் பங்கை விற்ற பணம் முதலில் வருகிறது, எக்ஸ்பைரியில் திருப்பித் தருகிறீர்கள். அது கடன் வாங்கியதற்குச் சமம். 19-ஆம் நூற்றாண்டு நியூயார்க்கில் ரஸ்ஸல் சேஜ் என்ற நிதியாளர், சட்டம் வைத்திருந்த வட்டி உச்சவரம்பைத் தாண்டிக் கடன் கொடுக்க இதே வகைக் கட்டமைப்பைத்தான் பயன்படுத்தினார்.

ஆகவே 'எவ்வளவு லாபம்' என்று கேட்பது போதாது. செலவெல்லாம் போக என்ன வட்டி கிடைக்கிறது, அந்த வட்டி வேறு எங்கும் சும்மா கிடைப்பதைவிட அதிகமா என்றுதான் கேட்க வேண்டும்.

கால் விலையும் புட் விலையும் எவ்வளவு வித்தியாசப்பட்டால் அது சரியான விலை?

பங்கு 1,000 ரூபாய், ஸ்ட்ரைக்கும் 1,000, எக்ஸ்பைரிக்கு 30 நாள், நடப்பு வட்டி ஆண்டுக்கு 6.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 1,000 ரூபாய்க்கு 30 நாள் வட்டி 5.34 ரூபாய். டிவிடெண்ட் எதுவும் இல்லையென்றால், கால் விலை புட் விலையைவிட ஏறத்தாழ அந்த 5.34 ரூபாய் கூடுதலாக இருக்க வேண்டும். வித்தியாசம் அதைவிட அதிகமானால் கன்வெர்ஷன் பக்கம் வாய்ப்பு, குறைவானால் ரிவர்சல் பக்கம் வாய்ப்பு.

பலர் தடுமாறும் முதல் இடம் இது. காலும் புட்டும் சம விலையில் இல்லை என்று பார்த்தவுடன் ஆர்பிட்ராஜ் கிடைத்துவிட்டதாக நினைக்கிறார்கள். அந்த இடைவெளியின் பெரும்பகுதி வெறும் வட்டி. யாரும் அதைத் தவறவிட்டுப் போகவில்லை.

ஒரு முழுக் கணக்கைப் போட்டுக் காட்ட முடியுமா?

போடலாம். மேலே சொன்ன அதே பங்கு, ஒரு லாட் 600 பங்குகள் என்று கொள்வோம். திரையில் கடைசியாக வர்த்தகமான விலைகள்: பங்கு 1,000, கால் 32, புட் 24. வித்தியாசம் 8 ரூபாய். பங்குக்கு 1,000 கொடுத்து, காலில் 32 வாங்கி, புட்டுக்கு 24 கொடுத்தால், நிகரச் செலவு 992. முப்பது நாளில் 1,000 வருகிறது. ஒரு லாட்டுக்கு 4,800 ரூபாய். ஆண்டுக் கணக்கில் ஏறக்குறைய 9.8 சதவீதம். வங்கி வைப்பைவிட எவ்வளவோ மேல் என்று தோன்றும்.

இப்போது ஆர்டர் போடப் போகிறீர்கள். கடைசி விலையில் யாரும் உங்களுக்காகக் காத்திருக்கவில்லை. கால் வாங்க நிற்பவர் 31.40 தருகிறார். புட் விற்க நிற்பவர் 24.60 கேட்கிறார். பங்கு 1,000.20-க்குத்தான் கிடைக்கிறது. K ஸ்ட்ரைக், C கால், P புட், S பங்கு என்று வைத்தால் கையில் நிற்பது இதுதான்:

```
லாபம் = K + C(bid) − P(ask) − S(ask)
      = 1000 + 31.40 − 24.60 − 1000.20
      = 6.60
```

எட்டு ரூபாய் 6.60 ஆகிவிட்டது. லாட்டுக்கு 3,960. இதில் இன்னும் ஒரு ரூபாய்கூட வரி கட்டவில்லை.

பங்கை டெலிவரியாக வாங்கினால் எஸ்டிடி என்ற பங்குப் பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம், அதாவது 600 ரூபாய். முத்திரைத் தீர்வை 0.015 சதவீதம், அது 90. காலை விற்றதற்குப் பிரீமியம் மீது எஸ்டிடி 19 ரூபாய். சந்தைக் கட்டணங்கள், மூன்று ஆர்டருக்கு தலா 20 ரூபாய் புரோக்கரேஜ், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து நூறு ரூபாயைக் கொஞ்சம் தாண்டும். உள்ளே நுழைய மட்டும் சுமார் 815 ரூபாய்.

வெளியே வரும்போது பங்கைக் கொடுத்தாக வேண்டும். அதற்கு மறுபடியும் 0.1 சதவீதம் எஸ்டிடி, இன்னொரு 600. மொத்தம் 1,415. மிச்சம் 2,545 ரூபாய். போட்ட பணம் 5.96 லட்சம் என்று மட்டும் பார்த்தால் ஆண்டுக்கு 5.2 சதவீதம். விற்ற காலுக்கு மார்ஜினாக ஒரு லட்சம் ரூபாய் தனியே முடங்குவதையும் சேர்த்தால் 4.4 சதவீதம்.

இன்னொரு செலவும் உண்டு. எக்ஸ்பைரியில் பங்கு கைமாறும்போது ஒப்பந்த மதிப்பின் மீது சதவீதக் கணக்கில் தனிக் கட்டணம் வசூலிக்கும் புரோக்கர்கள் இருக்கிறார்கள். அது 0.25 சதவீதமாக இருந்தால் 1,500 ரூபாய், ஜிஎஸ்டியுடன் 1,770. மிச்சம் 775 ரூபாய்தான். ஆண்டுக்கு 1.4 சதவீதத்துக்கும் கீழே. புரோக்கரேஜ் 20 ரூபாய்தான் என்று நம்பி இறங்கியவர் பார்க்காத செலவு இதுதான். இறங்கும் முன் உங்கள் புரோக்கரின் கட்டணப் பட்டியலில் டெலிவரி செட்டில்மென்ட் என்ற தலைப்பைத் தேடிப் படியுங்கள்.

(இந்தக் கணக்கில் இருப்பவை 2024 அக்டோபர் 1-இல் அமலில் இருந்த விகிதங்கள். ஆப்ஷன் மீதான எஸ்டிடி பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறக்கூடியது. ஆனால் இங்கே கனமான செலவு பங்கின் முழு மதிப்பு மீதான 0.1 சதவீதம்தான், அதுவும் இரண்டு முறை.)

பங்கை எதற்குக் கொடுக்க வேண்டும்? ரொக்கத்தில் கணக்கு முடிக்க முடியாதா?

முன்பு முடிந்தது. 2018 ஜூலையில் தொடங்கிப் படிப்படியாக மாற்றி, 2019 அக்டோபர் எக்ஸ்பைரி முதல் எல்லாப் பங்கு டெரிவேட்டிவ்களும் பங்கைக் கைமாற்றியே முடிக்கப்படுகின்றன. நிஃப்டி போன்ற குறியீட்டு ஆப்ஷன்களுக்குத்தான் இன்னும் ரொக்க முடிவு.

கன்வெர்ஷன் போட்டவருக்கு இதில் ஒரு நல்லதும் இருக்கிறது. ஸ்ட்ரைக் விலையிலேயே பங்கு போய்விடுவதால், கடைசி நிமிடத்தில் சந்தையில் என்ன விலைக்கு விற்பது என்ற கவலை இல்லை. ஆனால் பங்கு உங்கள் டீமேட்டில் தயாராக இருக்க வேண்டும். மார்ஜினுக்காக அடகு வைத்திருந்தால் நேரத்தோடு விடுவிக்க வேண்டும். தவறினால் ஏலத்துக்குப் போய், அந்த ஒரு நாளில் ஆறு மாத லாபமும் கரைந்துவிடலாம்.

அப்படியானால் எவ்வளவு இடைவெளி இருந்தால் இறங்கலாம்?

மேலே உள்ள பங்குக்கே பார்ப்போம். டெலிவரிக் கட்டணம் இல்லாத புரோக்கர் என்றால் செலவு பங்குக்கு 2.36 ரூபாய். அதோடு சும்மா கிடைக்கும் வட்டி 5.34. இரண்டும் சேர்த்து 7.70. வாங்குபவர், விற்பவர் விலைகளை வைத்துப் போட்ட கணக்கில் லாபம் 7.70-ஐத் தாண்டினால்தான் கணக்கே தொடங்குகிறது. மார்ஜினில் முடங்கும் பணத்துக்கும் வட்டி வைத்தால் இன்னும் கொஞ்சம் கூடும். டெலிவரிக் கட்டணம் உள்ள இடத்தில் பத்து ரூபாயைத் தாண்டிவிடும்.

திரையில் சில ஸ்ட்ரைக்குகளில் 15, 20 ரூபாய் இடைவெளி தெரிகிறதே. அதை ஏன் யாரும் எடுக்கவில்லை?

பெரும்பாலும் அது பழைய விலை. பங்கு ஆப்ஷன்களில் நடப்பு விலையை ஒட்டிய சில ஸ்ட்ரைக்குகளைத் தவிர மற்றவற்றில் வர்த்தகம் மிகக் குறைவு. கால் காலை 10 மணிக்கு வர்த்தகமாகியிருக்கும், புட் மதியம் 2 மணிக்கு. நடுவில் பங்கு 15 ரூபாய் நகர்ந்திருக்கும். இரண்டு விலைகளையும் பக்கத்தில் வைத்துக் கழித்தால் வருவது ஆர்பிட்ராஜ் அல்ல, பங்கு நகர்ந்த தூரம்.

சோதிக்க இரண்டு வழிகள் போதும். முதலில், கடைசி விலையை மறந்துவிட்டு வாங்குபவர், விற்பவர் விலைகளை மட்டும் வைத்து மேலே உள்ள சூத்திரத்தில் போடுங்கள். அந்த விலையில் ஒரு லாட்டாவது நிற்கிறதா என்றும் பாருங்கள். பத்தில் ஒன்பது இடைவெளிகள் அங்கேயே மறைந்துவிடும்.

அடுத்து, அதே மாத ஃப்யூச்சர்ஸ் விலையைப் பாருங்கள். ஸ்ட்ரைக்கோடு காலைக் கூட்டிப் புட்டைக் கழித்தால் வருவது ஆப்ஷன்கள் சொல்லும் ஃப்யூச்சர்ஸ் விலை. நம் எடுத்துக்காட்டில் அது 1,000 + 32 − 24 = 1,008. நிஜ ஃப்யூச்சர்ஸும் 1,008-ஐ ஒட்டியே ஓடினால், காலும் புட்டும் தவறாக விலையிடப்படவில்லை. இந்தப் பங்கில் இந்த மாதம் வட்டி அதிகம், அவ்வளவுதான். அப்போது மூன்று ஆர்டருக்குப் பதில் பங்கை வாங்கி ஃப்யூச்சர்ஸை விற்றாலே அதே பலன் இரண்டு ஆர்டரில் கிடைக்கும். நிஜ ஃப்யூச்சர்ஸ் 1,005-இல் இருந்து ஆப்ஷன்கள் மட்டும் 1,008 சொன்னால்தான் அது கன்வெர்ஷனுக்கு உரிய இடைவெளி.

பெரிய நிறுவனங்களுக்கும் இதே எஸ்டிடிதானே? அவர்களுக்கு மட்டும் எப்படிக் கட்டுப்படியாகிறது?

அவர்கள் பெரும்பாலும் பங்கைத் தொடுவதே இல்லை என்பதுதான் பதில். பங்குக்குப் பதில் ஃப்யூச்சர்ஸை வாங்கி, காலை விற்று, புட்டை வாங்குகிறார்கள். ஃப்யூச்சர்ஸை வாங்குவதற்கு எஸ்டிடி கிடையாது. ஆறு லட்சத்தையும் கட்ட வேண்டாம், மார்ஜின் மட்டும் போதும். அந்த மார்ஜினும் ஒன்றையொன்று ஈடுகட்டும் நிலைகள் என்பதால் மிகவும் குறைகிறது. எக்ஸ்பைரியில் ஃப்யூச்சர்ஸ் மூலம் வரவேண்டிய பங்கும் ஆப்ஷன் மூலம் போகவேண்டிய பங்கும் கழிந்துவிடுவதால் டெலிவரியும் இல்லை. சந்தை உறுப்பினர் என்பதால் புரோக்கரேஜும் இல்லை.

இதனால் அவர்களுக்கு மிகச் சிறிய இடைவெளியே போதும். ஆப்ஷன்கள் ஃப்யூச்சர்ஸைவிட்டு விலகத் தொடங்கியதும் சந்தைக் கணினிகளுக்குப் பக்கத்திலேயே வைத்த இயந்திரங்களால் அதை மூடிவிடுகிறார்கள். ஃப்யூச்சர்ஸுக்கும் பங்குக்கும் இடையிலான இடைவெளியை ஆர்பிட்ராஜ் மியூச்சுவல் ஃபண்டுகள் பெரும் தொகையோடு காத்திருந்து எடுக்கின்றன. உங்களுக்குத் தேவைப்படும் 7.70 வருவதற்குள் இந்த இரண்டு கதவுகளும் அடைக்கப்பட்டிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அதிகம் பேசப்படாத விஷயம் இது. சந்தை உருவாக்குபவர்கள் கன்வெர்ஷனைத் தேடிக்கொண்டு அலைவதில்லை. யாரோ ஒரு கால் வாங்க வருகிறார், அவருக்குத் தங்கள் விற்பனை விலையில் விற்கிறார்கள். உடனே ஃப்யூச்சர்ஸையோ பங்கையோ வாங்கி ரிஸ்க்கைக் குறைக்கிறார்கள். பிறகு யாரோ ஒருவர் புட் விற்க வரும்போது தங்கள் கொள்முதல் விலையில் வாங்கிக்கொள்கிறார்கள். கடைசியில் கையில் இருப்பது ஒரு முழுக் கன்வெர்ஷன். ஆனால் இரண்டு ஆப்ஷன்களிலும் கொள்முதல் விலைக்கும் விற்பனை விலைக்கும் இடையிலான ஸ்ப்ரெட் அவர்களுக்கு வருமானமாக வந்தது. நாம் அதே ஸ்ப்ரெட்டைச் செலவாகக் கட்டுகிறோம்.

நானும் ஃப்யூச்சர்ஸ் வைத்தே செய்தால்?

செய்யலாம், வரிச்சுமை உண்மையிலேயே குறையும். ஆனால் ஃப்யூச்சர்ஸ், கால், புட் என மூன்றிலும் எதிர்ப்பக்க விலைக்கு இறங்கிப் போக வேண்டும். நம் எடுத்துக்காட்டில் ஸ்ப்ரெட்டுக்கு மட்டும் 1.40 ரூபாய் போனது. ஃப்யூச்சர்ஸுக்கும் ஆப்ஷனுக்கும் இடையே அவ்வளவு இடைவெளி நிலைத்து நிற்பதே அரிது.

மேலும் மூன்று ஆர்டர்களும் ஒரே நொடியில் நிறைவேறும் என்று எந்த உறுதியும் இல்லை. பாஸ்கெட் ஆர்டர் என்பது மூன்றையும் அடுத்தடுத்து அனுப்புகிறதே தவிர, மூன்றும் நடக்கும் அல்லது எதுவும் நடக்காது என்று கட்டுவதில்லை. இரண்டு நடந்து மூன்றாவது நிற்கும்போது உங்களிடம் இருப்பது ஆர்பிட்ராஜ் அல்ல, விலை ஏறுமா இறங்குமா என்ற பந்தயம். எப்போதுமே வர்த்தகம் குறைந்த ஆப்ஷனை முதலில் லிமிட் ஆர்டரில் முடித்து, சட்டென்று கிடைக்கும் பங்கையோ ஃப்யூச்சர்ஸையோ கடைசியில் எடுப்பது நல்லது.

மூன்றும் சரியாக நடந்துவிட்டது. அப்புறம் எக்ஸ்பைரிவரை நிம்மதியாக இருக்கலாமா?

பங்கு வேகமாக ஏறினால் இருக்க முடியாது. 1,000-இல் போட்ட கன்வெர்ஷனில் பங்கு இரண்டு வாரத்தில் 1,150 ஆகிவிட்டது என்று வையுங்கள். விற்ற கால் 31.40-இலிருந்து 154-ஐ ஒட்டிப் போகும். ஒரு லாட்டில் சுமார் 73,000 ரூபாய் நட்டமாகத் தெரியும், அதற்கேற்ப மார்ஜின் கேட்பார்கள். பங்கில் 90,000 ரூபாய் லாபம் இருக்கிறதே என்றால், அது டீமேட்டில் இருக்கிறது. ரொக்கமாக மார்ஜின் கணக்குக்கு வராது. பங்கை அடகு வைத்தாலும் அதன் முழு மதிப்பு கிடைக்காது, ஒரே இரவைத் தாண்டும் நிலைகளுக்கு மார்ஜினில் பாதி ரொக்கமாக இருக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது.

பணம் கட்ட முடியாமல் போனால் புரோக்கர் காலை மட்டும் மூடிவிடுவார். அந்த நொடியில் கணக்கு உடைந்துவிடுகிறது. அதன்பின் பங்கு மறுபடி இறங்கினால், எந்த நட்டமும் வராது என்று நம்பிய இடத்தில் நிஜமான நட்டம். இரண்டு லாட் போடும் அளவுக்குப் பணம் இருப்பவர் ஒரே லாட் போட்டுவிட்டு மீதியை ரொக்கமாக வைத்திருக்க வேண்டும். அப்படி வைத்தால் வட்டி விகிதம் மேலும் இறங்கும்.

பங்கு இறங்கினால் வேறு மாதிரி. புட் லாபத்தில் வந்துவிட்டால், எக்ஸ்பைரிக்கு நான்கு நாள் முன்பிருந்தே அந்தப் புட்டுக்கும் டெலிவரி மார்ஜின் நாளுக்கு நாள் கூட்டிக் கேட்கப்படும்.

ரிவர்சலை ஏன் சிறு வர்த்தகர்கள் செய்வதே இல்லை?

பங்கை ஷார்ட் செய்து மறுநாளுக்குக் கொண்டுபோக இந்தியப் பங்குச் சந்தையில் நேரடி வழி இல்லை. அன்றன்றே மூட வேண்டும். பங்கைக் கடன் வாங்கி விற்க 2008 முதல் எஸ்எல்பி என்ற தனிப் பிரிவு இருக்கிறது. ஆனால் அங்கே பல பங்குகளுக்குக் கொடுப்பவரே இருப்பதில்லை, இருந்தாலும் கட்டணம் கேட்பார்கள். ரிவர்சலுக்கு வாய்ப்பு தெரிகிற பங்குகள் பெரும்பாலும் எல்லோரும் ஷார்ட் செய்ய நினைக்கிற, கடனாகக் கிடைக்காத பங்குகள். அந்தக் கிடைக்காத தன்மையின் விலைதான் ஆப்ஷன்களில் இடைவெளியாகத் தெரிகிறது.

ஏற்கெனவே அந்தப் பங்கைக் கையில் வைத்திருப்பவருக்கு மட்டும் ரிவர்சல் திறந்திருக்கிறது. கையில் உள்ளதை விற்று, காலை வாங்கி, புட்டை விற்றால், எக்ஸ்பைரியில் பங்கு ஸ்ட்ரைக் விலைக்குத் திரும்பி வந்துவிடும். இடையில் விற்ற பணம் வட்டி சம்பாதிக்கும். எஸ்டிடி இரண்டு முறை என்பது இங்கேயும் மாறாது.

டிவிடெண்ட் வந்தால் கணக்கு எப்படி மாறும்?

எக்ஸ்பைரிக்கு முன் 12 ரூபாய் டிவிடெண்டுக்கான எக்ஸ் தேதி வருகிறது என்றால், சரியான வித்தியாசம் 5.34-இலிருந்து 12 குறைந்து மைனஸ் 6.66 ஆகிவிடும். புட் காலைவிட விலை அதிகமாகத் தெரியும். டிவிடெண்டைக் கவனிக்காதவர் இதை ரிவர்சல் வாய்ப்பு என்று நினைப்பார். பங்கைக் கடன் வாங்கியிருந்தால் அந்த 12 ரூபாயை உரியவருக்கு அவர்தான் கட்ட வேண்டும்.

டிவிடெண்ட் பங்கு விலையில் 2 சதவீதத்தை எட்டினால் ஸ்ட்ரைக் விலையையே சந்தை குறைத்துவிடும், அப்போது கணக்கு கெடாது. அதற்குக் கீழே இருந்தால் எந்தத் திருத்தமும் இல்லை. கன்வெர்ஷன் பக்கத்தில் இருப்பவருக்கு டிவிடெண்ட் கையில் வரும், ஆனால் அது உங்கள் வருமான வரி வரம்பின்படி வரிக்கு உட்பட்டது. 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு 12 ரூபாயில் 8.40 ரூபாய்தான் மிஞ்சும். சந்தை முழு 12-ஐயும் விலையில் கழித்திருக்கும்.

யாராவது என் காலை எக்ஸ்பைரிக்கு முன்பே எக்சர்சைஸ் செய்துவிட்டால்?

இந்தியாவில் அந்தக் கவலை இப்போது இல்லை. 2011 ஜனவரியிலிருந்து பங்கு ஆப்ஷன்கள் ஐரோப்பிய வகைக்கு மாற்றப்பட்டன, எக்ஸ்பைரி அன்றுதான் எக்சர்சைஸ். அமெரிக்கப் பங்கு ஆப்ஷன்களில் இது நடக்கும், அதுவும் பெரும்பாலும் டிவிடெண்டுக்கான எக்ஸ் தேதிக்கு முந்தைய நாளில்.

வருமான வரியில் மூன்றையும் சேர்த்து ஒரே லாபமாகக் காட்டலாமா?

பங்கை முதலீடாகக் காட்டுபவர் என்றால் முடியாது. ஆப்ஷன் லாபம் வணிக வருமானம், பங்கு மீதான லாப நட்டம் மூலதனக் கணக்கு. எக்ஸ்பைரிவரை காத்திருக்காமல், பங்கு 900-க்கு இறங்கியதும் மூன்றையும் மூடிவிட்டீர்கள் என்று வையுங்கள். பங்கில் லாட்டுக்கு 60,000 ரூபாய் மூலதன நட்டம், ஆப்ஷன்களில் அதைவிடச் சற்று அதிகமான வணிக லாபம். மூலதன நட்டத்தை வணிக லாபத்தில் கழிக்கச் சட்டம் இடம் தரவில்லை. நிஜத்தில் மூவாயிரம் ரூபாய் சம்பாதித்தவர் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு வரி கட்டும் நிலை வரும். முதல் ஆர்டர் போடும் முன்பே, பங்கு வர்த்தகத்தையும் வணிகமாகக் காட்டுவது பற்றி உங்கள் ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள்.

அப்படியானால் எனக்கு இந்தக் கணக்கு எதற்குமே உதவாதா?

பங்கை ஏற்கெனவே வைத்திருந்து, ஒரு மாதத்துக்குள் விற்கப் போகிறீர்கள் என்றால் உதவும். வாங்கியபோது கட்டிய எஸ்டிடி போனது போனதுதான், விற்கும்போது கட்டுவது எப்படியும் உண்டு. அதனால் கூடுதல் செலவு ஸ்ப்ரெட்டும் சில்லறைக் கட்டணங்களும் மட்டும். இன்று 1,000-க்கு விற்பதா, அல்லது 1,000 ஸ்ட்ரைக் காலை விற்றுப் புட்டை வாங்கி எக்ஸ்பைரியில் விற்பதா என்று ஒப்பிடுங்கள். மேலே உள்ள விலைகளில் இரண்டாவது வழி நிகரமாகப் பங்குக்கு 6.80 ரூபாய் கூடுதலாகத் தருகிறது. இன்றே விற்று வட்டிக்குப் போட்டால் 5.34. வித்தியாசம் 1.46, லாட்டுக்கு 876 ரூபாய். அதிலிருந்து ஆப்ஷன் கட்டணங்கள் சுமார் 90 ரூபாயைக் கழியுங்கள். மார்ஜினுக்கு முடங்கும் ஒரு லட்சத்துக்கு ஒரு மாத வட்டி 534 ரூபாயையும் கழியுங்கள். மிஞ்சுவது 250 ரூபாய் சொச்சம். அந்தப் பங்கையே அடகு வைத்து மார்ஜினில் பாதியைச் சமாளித்தால் இன்னும் கொஞ்சம் கூடும். உங்கள் புரோக்கர் டெலிவரி செட்டில்மென்ட்டுக்குத் தனிக் கட்டணம் வாங்குபவராக இருந்தால் இன்றே சந்தையில் விற்றுவிடுங்கள்.